கவுன்சலிங் போனால் விசா போய்விடுமா?

"தம்பி ஒஹையோவில் எம்.எஸ். படிக்கிறான், இரண்டாவது செமஸ்டர். எங்களுக்குக் குடியாத்தம். ஒரு மாதமாக அவன் சரியில்லை, வகுப்புக்கே போவதில்லை என்று ரூம்மேட் சொல்கிறார். யுனிவர்சிட்டி கவுன்சலிங்குக்குப் போடா என்றால், 'ரெக்கார்டில் ஏறிடும், விசா போயிடும்க்கா' என்கிறான். உண்மையா? எந்த நிலையில் போக வேண்டும்? இங்கிருந்து நாங்கள் என்ன செய்ய முடியும்?"

போகாது. கவுன்சலரைப் பார்த்ததற்காக எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் யாருடைய விசாவும் ரத்தாவதில்லை. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இன்னொரு விஷயம், வகுப்புக்குப் போகாமல் இருப்பது, அது விசா நிலையைத் தொடும். உங்கள் தம்பி பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு, தன்னைக் காப்பாற்றக்கூடியதைப் பார்த்துப் பயப்படுகிறார். நான் வேலூரில் மனநல சமூகப்பணி படித்து, பிறகு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் சென்டரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது காட்பாடியில் இருக்கிறேன். வெளிநாட்டு மாணவர்கள்தான் அங்கே என்னிடம் அதிகம் வந்தார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் தம்பியை நான் பார்க்கவில்லை. அவருக்கு என்ன என்று இங்கிருந்து பெயர் வைக்க மாட்டேன். நான் வழக்கறிஞரும் இல்லை. குடியேற்ற விதிகளில் இங்கே எழுதுவது தினசரி வேலையில் புழங்கிய பகுதி மட்டும்.

முதலில் அந்த 'ரெக்கார்ட்' எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கவுன்சலிங் சென்டரில் எழுதப்படும் குறிப்புகள் அந்த சென்டருக்குள்ளேயே இருக்கும். மார்க் ஷீட்டில் வராது, பேராசிரியருக்குத் தெரியாது, பின்னால் வேலை கொடுக்கும் கம்பெனி கேட்டாலும் கிடைக்காது. வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவுக்கு செவிஸ் என்று பெயர். பல்கலைக்கழகம் அதில் ஏற்றுவது முகவரி, படிப்பு, எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறார், படிப்பு எப்போது முடியும் போன்ற விவரங்களை. கவுன்சலரிடம் போனாரா என்று கேட்கும் கட்டமே அதில் இல்லை. கவுன்சலர் வாயைத் திறக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்ற தகவல், நீதிமன்ற உத்தரவு. முதல் நாளே இதை ஒரு தாளில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தத் தாளைப் பார்த்து மிரண்டு எழுந்து போன நம் பையன்களை எனக்குத் தெரியும். அதை வாசித்தால் புரியும், அதற்கு வெளியே உள்ள எதையும் சொல்ல மாட்டோம் என்பதற்கான உறுதிதான் அது.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். விசாவுக்கு நிரப்பும் டி.எஸ்-160 படிவத்தில் மனநோய் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. அவசரத்தில் படிப்பவருக்கு 'மனநோய் உண்டா' என்பது மட்டும் கண்ணில் படும். கேள்வி முழுக்க வேறு: உங்களுக்கோ மற்றவர்களுக்கோ பாதுகாப்புக்கு ஆபத்தாக இருக்கும், அல்லது ஆபத்தாகக்கூடிய, உடல் அல்லது மனக் கோளாறு உண்டா என்றுதான் கேட்கிறது. சட்டம் பார்ப்பது நோயின் பெயரை அல்ல, அதோடு சேர்ந்த ஆபத்தான நடத்தையை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், பதற்றத்துக்காக வாரம் ஒருமுறை கவுன்சலரைப் பார்க்கிறவர் அந்த வலைக்குள் வரமாட்டார். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிறகு என்றால், அடுத்த முறை விசா கேட்கும்போது தூதரகம் நியமித்த மருத்துவரிடம் அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்லலாம். அதுவும் தானாக மறுப்பு ஆகாது, விசாரணை ஒன்று கூடும். குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டால் கதை வேறு. அந்தக் கைது ஒன்றுக்காகவே, வழக்கு முடிவதற்கு முன்பே, அமெரிக்க வெளியுறவுத்துறை விசாவை ரத்து செய்வது உண்டு. தூக்கம் வராமல் குடிக்க ஆரம்பித்து, ரெக்கார்டுக்குப் பயந்து யாரிடமும் போகாமல், கடைசியில் ஒரு ராத்திரி போலீஸ் விளக்கு பின்னால் சுழல நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். விசாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அவர்கள் சொல்லும்போது பதில் சொல்ல வராது.

இனி கிரெடிட் கணக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் தெரியாத பகுதி இதுதான். எஃப்-1 மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் முழுநேரம் படிக்க வேண்டும். இளநிலைக்கு 12 கிரெடிட். எம்.எஸ்.ஸுக்கு எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும், பல இடங்களில் 9, அதாவது மூன்று பாடம். மனசு சரியில்லாத பையன் முதலில் செய்வது என்ன? ஒரு ராத்திரி லேப்டாப்பைத் திறந்து, தாங்க முடியாத பாடத்தை 'டிராப்' அழுத்திவிடுவார். பாரம் இறங்கியது போல இருக்கும், தூங்கிவிடுவார். 9 என்பது 6 ஆகிவிட்டதை அடுத்த சில நாளில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் பார்க்கும். முன் அனுமதி இல்லாமல் குறைத்தால் செவிஸ் பதிவை முடித்துவைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு வந்துவிடும். அதை மீட்க அரசிடம் விண்ணப்பம் போடலாம், ஐந்து மாதத்துக்குள் போட வேண்டும், கட்டணம் உண்டு, பதில் வர மாதக்கணக்கில் ஆகும், என்ன பதில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதே பாடத்தை அதே காரணத்துக்காக ஒழுங்கான வழியிலும் விடலாம். உடல்நலம் அல்லது மனநலம் காரணமாகப் பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. தேவைப்பட்டால் ஒரு பாடமும் எடுக்காமல் இருக்கலாம். ஒரு படிப்பு நிலைக்கு, அதாவது எம்.எஸ். முழுவதற்கும் சேர்த்து, மொத்தம் 12 மாதம் வரை. இதை அனுமதிப்பவர் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உள்ள டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி. அவருக்கு ஒரு மருத்துவக் கடிதம் வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடிதம் உரிமம் பெற்ற மருத்துவரிடமிருந்தோ உரிமம் பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடமிருந்தோ வர வேண்டும். கவுன்சலிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் என்னைப் போல சமூகப்பணி படித்தவர்கள், அல்லது கவுன்சலர் உரிமம் மட்டும் உள்ளவர்கள். வாரா வாரம் பையனைப் பார்த்து எல்லாம் தெரிந்தவர் அவர்தான். ஆனால் அவருடைய கையெழுத்தை மட்டும் நம்பி டி.எஸ்.ஓ. அனுமதி தர இயலாது. அதனால் முதல் சந்திப்பிலேயே 'பாடம் குறைக்க வேண்டியிருக்கலாம், கடிதம் யார் தருவார்' என்று கேட்டுவிட வேண்டும். சைக்கியாட்ரிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும் இடங்கள் உண்டு. கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மருத்துவக் காரணத்தால் இந்தச் செமஸ்டர் பாடச் சுமையைக் குறைக்கப் பரிந்துரைக்கிறேன் என்று இருந்தால் போதும். செவிஸில் அப்போது 'நோய் அல்லது மருத்துவக் காரணம்' என்று ஒரு வரி ஏறும். காலை உடைத்துக்கொண்டவருக்கும் அதே வரிதான்.

ஒரு பையனுக்கு இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இரண்டு மூன்று பேரின் கதையைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம், வீட்டின் மேல் கல்விக் கடன். ஜனவரியில் மூன்று பாடம் எடுத்தார். பிப்ரவரி நடுவில் ஒரு அசைன்மென்ட் தவறியது. அதைச் சொல்லி அவகாசம் கேட்கக் கூச்சம், அதனால் அந்த வகுப்புக்கே போகவில்லை. ஒரு வாரம் போகாததால் அடுத்த வாரம் முகம் காட்ட முடியவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தூங்கி மத்தியானம் மூன்றுக்கு எழுந்தார். வீட்டுக்கு வீடியோ காலை நிறுத்தி, 'நெட் சரியில்லம்மா' என்று குரலில் மட்டும் பேசினார். சாப்பாடு இறங்கவில்லை, வயிறு எரிகிறது, கேஸ் டிரபிள் என்று மாணவர் மருத்துவமனைக்குத்தான் போனார், கவுன்சலிங்குக்கு அல்ல. நம்மவர்கள் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் வருவார்கள், வயிறும் தலைவலியும் சொல்லிக்கொண்டு. அந்த மருத்துவர் விவரம் தெரிந்தவர். வயிற்றைப் பார்த்துவிட்டு பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஆர்வம், கவனம் எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்கும் தாள் அது. மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். பையனுக்கு 17.

ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. 'சில நாட்கள்' என்று குறித்திருந்தார். குறித்துவிட்டு, இப்போது போலீஸ் வரும் என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். வரவில்லை. அந்த விடைக்கு அடுத்து நடப்பது உரையாடல்தான். எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, இன்றிரவு யாருடன் இருப்பாய், இதற்கு முன் முயன்றதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். எண்ணம் மட்டும் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால், நெருக்கடி வந்தால் முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் அவரையே எழுத வைத்து அனுப்புவோம். திட்டமும் பொருளும் இருந்து, பாதுகாப்பாக இருக்கிறேன் என்று சொல்லவும் முடியவில்லை என்றால் மருத்துவமனை. பல மாநிலங்களில் விருப்பமில்லாமலும் 72 மணி நேரம் வரை வைத்துப் பார்க்கச் சட்டம் உண்டு. அது கைது அல்ல. ஆனால் அனுபவிக்கும் பையனுக்குக் கைது மாதிரித்தான் இருக்கும், அதை மறைத்துச் சொல்லி உங்களை அனுப்ப விரும்பவில்லை. அந்தக் கட்டத்துக்கு முன்னால் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே தங்கள் அறைக்குத் திரும்பிப் போனார்கள்.

ஆற்காட்டுப் பையன் என்னைப் பார்க்க வந்தது மார்ச் இரண்டாம் வாரம். வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: இன்று ராத்திரி இரண்டு பாடத்தை விட்டுவிடட்டுமா? கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொன்னேன். மாணவர் மருத்துவமனையின் சைக்கியாட்ரிஸ்ட் அடுத்த வாரம் பார்த்தார், மாத்திரை தொடங்கினார், டி.எஸ்.ஓ.வுக்குக் கடிதமும் அவரே கொடுத்தார். செவிஸில் அனுமதி ஏறிய பிறகுதான் பாடங்களை விட்டார். மீதம் ஒரு பாடம், 3 கிரெடிட். மார்க் ஷீட்டில் விட்ட இரண்டு பாடத்துக்கும் விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' வந்தது, தோல்வியைக் குறிக்கும் 'எஃப்' வரவில்லை. மாத்திரை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் இரண்டாம் வாரத்தில் நிறுத்தவில்லை. ஏப்ரல் கடைசியில் முதலில் சரியானது தூக்கம். கோடைக்காலம் விடுமுறை, அப்போது முழுநேரம் படிக்கத் தேவையில்லை. ஆகஸ்டில் திரும்ப மூன்று பாடம். அப்போதும் குறைக்க வேண்டியிருந்தால் புதிதாக இன்னொரு அனுமதி வாங்கியிருக்க வேண்டும், ஒருமுறை கொடுத்தது அடுத்த செமஸ்டருக்கு நீளாது. இழப்பு இல்லாமல் இல்லை. இரண்டு பாடத்தின் கட்டணத்தில் பெரும்பகுதி போயிற்று, ஒரு செமஸ்டர் தள்ளிப்போயிற்று. படிப்பு முடியும் தேதி மாறியதை வங்கிக்கு எழுத்தில் தெரிவித்தார்கள், ஏனென்றால் தவணை எப்போது தொடங்கும் என்பது அந்தத் தேதியை வைத்துத்தான்.

எப்போது போக வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தக் கதையிலிருந்துதான் வருகிறது. மனசின் நிலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் நாம் எப்போதும் தாமதமாகத்தான் போவோம், 'இன்னும் அவ்வளவு மோசமில்லை' என்று ஒவ்வொரு வாரமும் தோன்றும். நாட்காட்டியையும் பாருங்கள். பாடத்தை 'டபிள்யூ'வோடு விடுவதற்குக் கடைசி நாள் ஒன்று ஒவ்வொரு செமஸ்டருக்கும் உண்டு, பெரும்பாலும் பாதி தாண்டிக் கொஞ்ச நாளில் வரும். பல்கலைக்கழக இணையதளத்தில் கல்வி நாட்காட்டியில் போட்டிருப்பார்கள், நீங்களே குடியாத்தத்திலிருந்து பார்க்கலாம். அந்த நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு கவுன்சலரின் அறையில் தம்பி உட்கார்ந்திருந்தால், பாடம் குறைப்பதா தொடர்வதா என்று தேர்ந்தெடுக்க அவருக்கு வழி இருக்கும். தாண்டிவிட்டாலும் மருத்துவக் காரணத்துக்குத் தனியாக மனுப்போடும் முறை பல இடங்களில் உண்டு. ஆனால் அது ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மாதிரி, அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

மனசின் பக்கம் வந்தால், வீட்டு ஏக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. ஏக்கம் முதல் சில வாரத்திலும் பொங்கல், தீபாவளி நாட்களிலும் கூடும். நண்பர்களோடு சமைத்துச் சாப்பிட்டால், ஒரு தேர்வு நன்றாக எழுதினால் குறையும். எது நடந்தாலும் குறையாமல், நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் படிப்பையும் தின்ன ஆரம்பித்தால் அது ஏக்கமல்ல. உங்கள் தம்பிக்கு ஒரு மாதம் என்கிறீர்கள், வகுப்பும் நின்றிருக்கிறது. பெயர் வைக்க மாட்டேன் என்றேன், ஆனால் இந்த வாரமே போக வேண்டிய நிலை என்று சொல்லத் தயங்க மாட்டேன். காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. ரூம்மேட்டுகள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், போனில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சந்தேகம் வளர்வது, இல்லாத குரல் கேட்பது, நாலைந்து நாள் தூங்காமலும் சோர்வில்லாமல் பெரிய திட்டங்கள் பேசுவது. இருபதுகளின் முதல் பாதியில் முதன்முறையாக இவை தலைகாட்டுவது அபூர்வமல்ல. இதற்குக் கவுன்சலிங் வரிசையில் நிற்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, எல்லோரிடமும் விடைபெறுகிற மாதிரிப் பேசுவது, இவற்றுக்கும் அன்றே.

போவது என்று முடிவானால், முதல் போன் பேச்சில் நம் பிள்ளைகள் ஒரு விஷயத்தில் தோற்றுவிடுகிறார்கள். கூப்பிட்டதும் இருபது முப்பது நிமிடம் ஒருவர் பேசி, எவ்வளவு அவசரம் என்று தரம் பிரிப்பார். அமெரிக்கக் காதுக்கு வார்த்தை என்ன சொல்கிறதோ அதுதான் பொருள். நம் பையன் மரியாதைக்குக் குறைத்துச் சொல்வார்: கொஞ்சம் டென்ஷன், தூக்கம் கொஞ்சம் கம்மி, மற்றபடி ஃபைன். 'ஃபைன்' என்றவருக்கு மூன்று வாரம் கழித்து நேரம் கிடைக்கும். அதே பையன் 'மூன்று வாரமாக எந்த வகுப்புக்கும் போகவில்லை, ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், பகலெல்லாம் படுக்கையில் இருக்கிறேன், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது' என்றால் அன்றோ மறுநாளோ பார்ப்பார்கள். இது மிகைப்படுத்தல் அல்ல, நடந்ததை எண்ணிக்கையோடு சொல்வது. தம்பியிடம் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், எல்லா இடத்திலும் கிடைக்காது என்றாலும் கேட்பதில் தவறில்லை.

கிடைக்கப்போவது என்ன என்பதிலும் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் பெரும்பாலும் இல்லை, மாணவர் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஆனால் பல சென்டர்கள் குறுகிய காலத்துக்குத்தான் பார்க்கும். நீண்ட நாள் தேவை என்றால் வெளியே அனுப்புவார்கள், அப்போது இன்சூரன்ஸில் எவ்வளவு நம் கையிலிருந்து போகும் என்று முன்பே கேட்க வேண்டும். நிச்சயமில்லாத பகுதி கவுன்சலர் பொருந்துவாரா என்பது. வீட்டின் மேல் கடன் வாங்கிப் படிக்க வந்தவனிடம் 'உனக்கு எது சந்தோஷமோ அதைச் செய்' என்று ஆரம்பிக்கும் கவுன்சலர்கள் இருக்கிறார்கள், என் சக ஊழியர்களிலேயே இருந்தார்கள். தோல்வியோடு திரும்பினால் அப்பா தெருவில் எப்படி நடப்பார் என்ற கவலை அவர்களுக்கு உடனே பிடிபடாது. மூன்று முறை பார்த்தும் ஒட்டவில்லை என்றால் வேறொருவரை மாற்றிக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாற்றாமல் போவதை நிறுத்திவிடுவதுதான் நம்மவர் வழக்கம்.

இனி நீங்கள். வேலூரில் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கியிருப்பார்கள், குடும்பத்தை வைத்தே சிகிச்சை நடக்கும். அதைப் பார்த்துப் பழகிய நமக்கு அங்கத்திய முறை முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். நீங்கள் கவுன்சலிங் சென்டருக்குப் போன் போட்டால், அவர் இங்கே வருகிறாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல முடியாது என்பார்கள். அதற்காகப் போனை வைத்துவிடாதீர்கள். அவர்களால் சொல்லத்தான் முடியாது, கேட்க முடியும். 'அவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்' என்று ஆரம்பித்து, எத்தனை வாரமாக, என்ன மாறியது, குடும்பத்தில் யாருக்காவது முன்பு இப்படி இருந்ததா என்று சொல்லலாம். தம்பி சம்மதப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர்களும் உங்களிடம் பேசலாம், எதைப் பேசலாம் என்பதையும் அவரே வரையறுக்கலாம். கவுன்சலிங் வேண்டவே வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் அலுவலகம் இருக்கிறது. கவலைக்குரிய மாணவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் அங்கே தெரிவிக்கலாம், அவர்கள் மென்மையாகக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இங்கிருந்து 911 அடித்துப் பயனில்லை, அது அங்கே உள்ளூர் அழைப்புக்கானது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கேம்பஸ் போலீஸுக்கு முழுப் பத்து இலக்க எண் இருக்கும். அதை +1 போட்டு இன்றே போனில் சேமித்து வையுங்கள். தம்பி கேம்பஸுக்கு வெளியே வாடகைக்கு இருந்தால் அந்த ஊர் போலீஸ் எண்ணும் வேண்டும், வீட்டு எண்ணோடு முழு முகவரியும் வேண்டும். ரூம்மேட்டின் எண் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அது பெரிய விஷயம், இன்னொரு நண்பரின் எண்ணையும் வாங்குங்கள். தம்பியே அங்கிருந்து பேச 988 என்ற நெருக்கடி உதவி எண் இருக்கிறது. எந்நேரமும் எடுப்பார்கள், விசா என்ன என்று கேட்க மாட்டார்கள். இங்கே வீட்டில் உங்களுக்கோ அம்மாவுக்கோ பேச வேண்டியிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

பேசாமல் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று அப்பா கேட்பார். சில நேரம் அதுதான் சரி. ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் டி.எஸ்.ஓ.விடம் பேச வேண்டும். செமஸ்டர் நடுவில் அனுமதியோடு விலகினால் கிளம்ப 15 நாள் கிடைக்கும். சொல்லாமல் கிளம்பினால் பதிவு மோசமான முறையில் முடியும், திரும்பிப் போகும்போது ஒவ்வொரு இடத்திலும் விளக்க வேண்டியிருக்கும். ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தைப் புதிதாக வாங்கி மறுபடி தொடங்க வேண்டும், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்கான கல்வியாண்டுக் கணக்கும் புதிதாக ஆரம்பிக்கும். இங்கே வந்த பிறகு அங்கத்திய கவுன்சலரோடு வீடியோவில் தொடரலாம் என்றும் எண்ண வேண்டாம். அவர்களுடைய உரிமம் அந்த மாநிலத்துக்கானது, பெரும்பாலோர் இந்தியாவில் இருப்பவரைப் பார்க்க மாட்டார்கள். எனவே கிளம்பும் முன் மாத்திரைப் பெயர், அளவு, ஒரு சுருக்கக் கடிதம் ஆகியவற்றை வாங்கி வந்தால், பாகாயத்திலோ உங்கள் பக்கத்து மனநல மருத்துவரிடமோ முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

இன்று ராத்திரி தம்பியிடம் பேசும்போது 'ஏன்டா வகுப்புக்குப் போகலை' என்று தொடங்காதீர்கள். விசா பற்றிய பயத்துக்கான பதிலை முதலில் சொல்லுங்கள், அவர் கேட்டதே அதுதான். பிறகு எந்தப் பாடத்தையும் 'டிராப்' செய்துவிட்டாரா என்று கேளுங்கள். செய்திருந்தால் கவுன்சலிங்குக்கு முன்பே, அலுவலகம் திறந்ததும் டி.எஸ்.ஓ.வைப் பார்க்க வேண்டும். செய்யவில்லை என்றால் கவுன்சலிங் சென்டர் முதலில். அங்கே காலை எட்டு என்றால் நமக்கு மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அந்த நேரத்துக்கு அவர் எழுந்திருக்க மாட்டார், ரூம்மேட்டை எழுப்பச் சொல்லுங்கள். அவர் சென்டருக்குப் போன் போடும்வரை நீங்கள் வாட்ஸ்அப் லைனில் இருங்கள். இந்தச் செமஸ்டரில் பாடத்தை விடுவதற்கான கடைசித் தேதியையும் தம்பி ஏதாவது பாடத்தை விட்டுவிட்டாரா என்பதையும் இங்கே கீழே எழுதினால், எந்த அலுவலகத்துக்கு எந்த வரிசையில் போவது என்று பார்த்துச் சொல்கிறேன். அவருடைய பெயரையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ மட்டும் பொதுவில் போட வேண்டாம்.